தானாக நடக்கும் கதாபாத்திரம்: அனலாக் ஸ்டிக்கின் டெட் ஜோனை அளந்து அமைக்கும் முழுமையான வழிகாட்டி

என் அக்கா மகன் மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்திவந்த கன்ட்ரோலரை என்னிடம் கொடுத்தபோது சொன்ன புகார் மிகத் துல்லியமாக இருந்தது: “மாமா, ஓடி வந்து நின்னா மட்டும் இவன் நிக்காம மெதுவா நடந்துட்டே இருக்கான். பின்னாடி வந்து நின்னா ஒழுங்கா நிக்கிறான்.” கட்டைவிரலை எடுத்த பிறகும் கதாபாத்திரம் நகர்வதை எல்லோரும் பொதுவாக ட்ரிஃப்ட் என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுகிறார்கள். ஆனால் அந்தச் சொல்லுக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. அவற்றில் எது என்று தெரியாமல் டெட் ஜோனைக் கூட்டிக்கொண்டே போனால், நல்ல நிலையிலுள்ள அசைவும் சேர்ந்து பாழாகும். ஆகவே இந்த வழிகாட்டி, ஸ்டிக்கின் உள்ளே என்ன நடக்கிறது என்பதில் தொடங்கி, அளப்பது, கோளாறை வகைப்படுத்துவது, சரியான எண்ணைக் கணக்கிடுவது என்ற வரிசையில் செல்கிறது. மேலே சொன்ன கன்ட்ரோலரையே கடைசிவரை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

ஸ்டிக்கின் உள்ளே

பெரும்பாலான கன்ட்ரோலர்களில் ஒவ்வொரு ஸ்டிக்கின் அடியிலும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சிறிய பொட்டென்ஷியோமீட்டர்கள் இருக்கின்றன. ஒன்று இடது-வலது அசைவையும், மற்றொன்று முன்-பின் அசைவையும் அளக்கிறது. பொட்டென்ஷியோமீட்டர் என்பது வளைவாகப் பூசப்பட்ட ஒரு கார்பன் தடமும், அதன் மேல் உரசிக்கொண்டே நகரும் வைப்பர் என்ற மெல்லிய உலோக விரலும்தான். தடத்தின் ஒரு முனையில் மின்னழுத்தம் கொடுக்கப்பட்டு, மறுமுனை கிரவுண்டுடன் இணைக்கப்பட்டிருக்கும். வைப்பர் நிற்கும் இடத்தைப் பொறுத்து அதில் கிடைக்கும் மின்னழுத்தம் மாறும்; அந்த மின்னழுத்தத்தையே கன்ட்ரோலரின் சிப் எண்ணாக மாற்றி விளையாட்டுக்கு அனுப்புகிறது. விரலை எடுத்ததும் ஸ்டிக்கை நடுவுக்குக் கொண்டுவருவது முழுக்க முழுக்க ஸ்பிரிங்கின் வேலை.

இதைக் கணக்காகப் பார்த்தால் தேய்மானத்தின் விளைவு தெளிவாகும். தடத்தின் மொத்த மின்தடை 10,000 ஓம் என்றும், கொடுக்கப்படும் மின்னழுத்தம் 3.3 வோல்ட் என்றும் வைத்துக்கொள்வோம். வைப்பர் சரியாக நடுவில் நின்றால் இருபுறமும் 5,000 ஓம் இருக்கும், ஆகவே 1.65 வோல்ட் கிடைக்கும். இப்போது நடுவுக்குச் சற்று மேலே உள்ள பகுதியில் கார்பன் உரசலால் மெலிந்து, அந்தப் பக்கத்தின் மின்தடை 800 ஓம் கூடிவிட்டது என்று கொள்வோம். வைப்பர் அதே இடத்தில்தான் நிற்கிறது, ஸ்பிரிங்கும் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருபுறம் 5,000, மறுபுறம் 5,800 என்று ஆனதால் கிடைக்கும் மின்னழுத்தம் 1.53 வோல்ட்டாக இறங்கிவிடுகிறது. பாதி வீச்சான 1.65 வோல்ட்டில் இந்த 0.12 வோல்ட் ஏறத்தாழ 7 சதவீதம். உண்மையில் ஸ்டிக் தடத்தின் இரு முனைவரை போவதே இல்லை. அதன் பயணம் தடத்தின் நடுப்பாதியில் மட்டும் என்று கொண்டால், அதே நகர்வு ஸ்டிக்கின் வீச்சில் சுமார் 15 சதவீதமாகத் தெரியும். யாரும் தொடாத ஸ்டிக்கை விளையாட்டு ‘15 சதவீதம் தள்ளப்பட்டிருக்கிறது’ என்று படிக்கிறது.

தேய்மானம் ஏன் நடுப்பகுதியிலேயே வருகிறது என்ற கேள்விக்கு விடை எளிது: எந்தத் திசையில் தள்ளினாலும் வைப்பர் புறப்படுவதும் திரும்புவதும் நடுவிலிருந்துதான். இடது ஸ்டிக்கில் இது இன்னும் ஒருதலையானது. பெரும்பாலான விளையாட்டுகளில் கதாபாத்திரத்தை முன்னே ஓடவிடுகிற நேரமே அதிகம் என்பதால், ஸ்பிரிங்கும் தடமும் அந்த ஒரு பக்கத்திலேயே உழைத்துத் தேய்கின்றன. உரசலில் உதிரும் கார்பன் துகள் வேறு வைப்பருக்கும் தடத்துக்கும் இடையில் சிக்கிக்கொண்டு தொடர்பைக் கெடுக்கிறது.

டெட் ஜோன் செய்வது என்ன

புத்தம் புதிய ஸ்டிக்கும் விடுவிக்கப்பட்டதும் மிகச் சரியாக பூஜ்யத்தில் நிற்பதில்லை. ஸ்பிரிங், பிளாஸ்டிக் அச்சு, வைப்பர் ஆகிய மூன்றுக்கும் சிறு தளர்ச்சி உண்டு. எனவே நடுவைச் சுற்றி ஒரு சிறிய பகுதியை வரையறுத்து, அதற்குள் வரும் எந்த எண்ணையும் பூஜ்யமாகவே கொள்வது என்று மென்பொருளில் ஒரு விதி வைக்கிறார்கள். அந்தச் செயலற்ற பகுதிதான் டெட் ஜோன். மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்-இன்புட் நூலகத்தில் இடது ஸ்டிக்குக்குப் பரிந்துரைக்கப்பட்ட மதிப்பு `XINPUT_GAMEPAD_LEFT_THUMB_DEADZONE` என்ற பெயரில் 7849 என்று தரப்பட்டுள்ளது. முழு வீச்சு 32767 என்பதால் இது 24 சதவீதம். வலது ஸ்டிக்குக்கு 8689, அதாவது 26 சதவீதத்துக்கும் சற்று மேல். இவை எந்தக் கன்ட்ரோலரிலும் சிக்கல் வராமல் இருக்க வேண்டும் என்று தாராளமாக வைக்கப்பட்ட எண்கள். உங்கள் கையில் உள்ள ஸ்டிக்குக்கு இவ்வளவு தேவையா என்பதை அளந்துதான் சொல்ல முடியும்.

அளவைவிட டெட் ஜோனின் வடிவம் முக்கியம் என்பது என் கருத்து. முன்-பின் அச்சுக்கும் இடது-வலது அச்சுக்கும் தனித்தனியாக டெட் ஜோன் போட்டால் அது சிலுவை வடிவமாகிறது. ஸ்டிக்கை வலப்புறம் 0.9 அளவும், முன்னே 0.2 அளவும் தள்ளியிருக்கிறீர்கள் என்று கொள்ளுங்கள். உண்மையான திசை கிடைமட்டத்திலிருந்து 12 பாகைக்கு மேல் சாய்ந்திருக்கிறது. டெட் ஜோன் 0.24 என்றால் 0.2 என்ற முன்னசைவு அழிக்கப்பட்டு, கதாபாத்திரம் நேர் வலப்புறமாக ஓடும். குறி வைக்கும்போது புள்ளி நான்கு நேர்த்திசைகளில் ஒட்டிக்கொள்வதுபோல் தோன்றினால் காரணம் இதுவே. இரண்டு அச்சுகளையும் சேர்த்து, நடுவிலிருந்து உள்ள தூரத்தை மட்டும் பார்க்கும் வட்ட வடிவ டெட் ஜோனில் இந்தக் குறை இல்லை.

வட்ட வடிவத்திலும் ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. எல்லையைத் தாண்டியதும் மதிப்பு பூஜ்யத்திலிருந்து நேராக 0.24 ஆகக் குதித்தால், மெல்ல நடக்கவோ நுண்ணியதாகக் குறியை நகர்த்தவோ இயலாது. அதற்காக, எல்லையில் பூஜ்யமும் விளிம்பில் 1-ம் வருமாறு மிச்சமுள்ள வீச்சை மறுபடி நீட்டுகிறார்கள்:

```
r = sqrt(x*x + y*y)
if r <= d:
    x, y = 0, 0
else:
    k = (min(r, 1) - d) / ((1 - d) * r)
    x, y = x*k, y*k
```

இதில் `d` என்பது டெட் ஜோன். இதற்கும் ஒரு விலை உண்டு: `d` 0.25 என்றால், மிச்சமுள்ள முக்கால் பங்கு பயணத்தில் முழு வீச்சும் அடங்கவேண்டியிருப்பதால், ஸ்டிக் ஏறத்தாழ 1.33 மடங்கு கூர்மையாகிவிடும். அதாவது டெட் ஜோனைக் கூட்டும் ஒவ்வொரு முறையும் நுண்ணசைவுக்கான இடத்தைக் குறைக்கிறோம்.

முதல் படி: உள்ளபடியே அளத்தல்

விளையாட்டுக்குள் பார்த்து அளக்கக் கூடாது, ஏனெனில் அங்கே ஏற்கெனவே ஒரு டெட் ஜோன் வேலை செய்துகொண்டிருக்கும். விண்டோஸில் `joy.cpl` என்று தட்டினால் திறக்கும் சாளரம் புள்ளியின் இடத்தைக் காட்டுமே தவிர, எண்ணைக் காட்டாது. எண் வேண்டுமானால் கன்ட்ரோலரைக் கணினியில் இணைத்து, பிரவுசரில் ஏதாவது ஒரு `https` பக்கத்தைத் திறந்து, கன்ஸோலில் இதை ஓட்டலாம்:

```
setInterval(() => {
  const g = navigator.getGamepads()[0];
  if (g) console.log(g.axes.map(a => a.toFixed(3)).join("  "));
}, 200);
```

ஓட்டிய பிறகு பக்கத்தின் மீது ஒருமுறை சொடுக்கி, கன்ட்ரோலரில் ஒரு பட்டனை அழுத்தினால்தான் எண்கள் வரத் தொடங்கும். முதல் இரண்டு எண்கள் இடது ஸ்டிக்கின் கிடைமட்ட, செங்குத்து அச்சுகள். அடுத்த இரண்டும் வலது ஸ்டிக்கினுடையவை. பிரவுசரில் முன்னே தள்ளுவது எதிர்மறை எண்ணாக வரும் என்பதை நினைவில் வையுங்கள். கன்ட்ரோலரின் எண்களை மாற்றி விளையாட்டுக்கு அனுப்பும் மேப்பிங் மென்பொருள் ஏதேனும் பின்னணியில் ஓடினால் அதை முதலில் மூடிவிட வேண்டும்.

இப்போது கன்ட்ரோலரை மேசைமேல் வைத்து, தொடாமல் அரை நிமிடம் எண்களைக் கவனியுங்கள். பிறகு ஸ்டிக்கை முழுவதும் முன்னே தள்ளி, சட்டென்று விடாமல் விரலாலேயே மெதுவாக நடுவரை கொண்டுவந்து விடுங்கள். நிற்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இதையே பின், இடம், வலம் என்று ஒவ்வொரு திசைக்கும் ஐந்து முறையாவது செய்ய வேண்டும். மெதுவாக விடுவது முக்கியம். சட்டென்று விட்டால் ஸ்டிக் நடுவைத் தாண்டி ஓடிக் குலுங்கி அமரும், அந்தக் குலுக்கலே தளர்ந்த ஸ்பிரிங்கின் குறையை மறைத்துவிடும். விளையாடும்போது நாம் பெரும்பாலும் மெதுவாகத்தான் விடுகிறோம்.

அக்கா மகனின் கன்ட்ரோலரில் கிடைமட்ட அச்சு எப்படி விட்டாலும் 0.012-ஐத் தாண்டவில்லை. செங்குத்து அச்சோ, முன்னேயிருந்து விட்டால் −0.110-இலும், பின்னேயிருந்து விட்டால் −0.031-இலும் நின்றது, பக்கவாட்டிலிருந்து விட்டபோது −0.07 அளவில் இருந்தது. தொடாமல் விட்டிருந்த அரை நிமிடத்தில் எண் துளியும் ஆடவில்லை. அவன் விளையாடிய விளையாட்டில் டெட் ஜோன் 0.10. முன்னே ஓடி வந்து நின்றால் 0.110 அந்த எல்லையைத் தாண்டுகிறது. பின்வாங்கி நின்றால் 0.031 தாண்டுவதில்லை. அவன் சொன்ன புகார் எண்ணுக்கு எண் சரியாக இருந்தது. அந்த விளையாட்டு எல்லைக்கு மேலுள்ளதை மறுபடி நீட்டும் வகை என்பதால், 0.110 என்பது (0.11 − 0.10) ÷ 0.90 = 0.011 ஆகத்தான் வெளிப்பட்டது. கதாபாத்திரம் ஓடாமல் ஊர்ந்ததற்குக் காரணம் அது.

இரண்டாம் படி: எந்தக் கோளாறு என்று பிரித்தறிதல்

எந்தத் திசையிலிருந்து விட்டாலும் எண் ஒரே இடத்தில், ஆனால் பூஜ்யத்திலிருந்து விலகி நின்றால், அது மைய விலகல். மேலே கணக்கிட்டுக் காட்டியதுபோல் தடம் மெலிந்திருக்கலாம். அல்லது கன்ட்ரோலர் தன் நடுவையே தவறாக அறிந்திருக்கலாம். நிண்டெண்டோ 64, கேம்கியூப் போன்ற கன்ட்ரோலர்களில், கருவியை இயக்கும் நொடியில் ஸ்டிக் இருக்கும் நிலையே நடு என்று எடுத்துக்கொள்ளப்படும். அந்த நொடியில் விரல் ஸ்டிக்கின் மேல் பட்டிருந்தால், பழுதே இல்லாத கன்ட்ரோலரும் எதிர்த்திசையில் ட்ரிஃப்ட் ஆகும். கேம்கியூபில் ஸ்டிக்கைத் தொடாமல் `X`, `Y`, `START` மூன்றையும் மூன்று நொடி அழுத்திப் பிடித்தால் நடு மறுபடி அமைந்துவிடும்.

விடும் திசையைப் பொறுத்து எண் மாறினால் அது இயந்திரக் கோளாறு: ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது அல்லது அச்சும் அதைத் தாங்கும் பிளாஸ்டிக்கும் தேய்ந்து இடைவெளி விட்டிருக்கின்றன. கடைசியாகத் தள்ளிய பக்கத்திலேயே ஸ்டிக் சற்று தங்கிவிடும்.

தொடாமலே எண் துள்ளினால், நிற்கும் எண் நொடிக்கு நொடி மாறினால், அல்லது அவ்வப்போது 0.4, 0.6 என்று ஒரு கணம் பாய்ந்து திரும்பினால், வைப்பருக்கும் தடத்துக்கும் இடையில் தொடர்பு விட்டுவிட்டு வருகிறது என்று பொருள். இந்த மூன்றாம் வகைக்கு டெட் ஜோன் எந்த வகையிலும் மருந்தாகாது. 0.6-க்குப் பாயும் எண்ணை மறைக்க 0.6-க்கு மேல் டெட் ஜோன் வேண்டும். அப்போது ஸ்டிக் வெறும் பட்டனாகிவிடும்.

எங்கள் கன்ட்ரோலரில் முதல் இரண்டும் கலந்திருந்தன. −0.110-க்கும் −0.031-க்கும் நடுவே உள்ள −0.07 மைய விலகல். அதன் இருபுறமும் உள்ள 0.04 ஸ்பிரிங்கின் தளர்ச்சி.

மூன்றாம் படி: எண்ணை அமைத்தல்

மையத்தைத் திருத்த வழியில்லாவிட்டால் விதி இதுதான்: எல்லாத் திசைகளிலிருந்தும் விட்டபோது பதிவான மிகப் பெரிய விலகலை எடுத்து, அதனுடன் 0.02 கூட்டிக்கொள்ளுங்கள். எங்களுக்கு 0.11 + 0.02 = 0.13. இதைப் போட்டதும் கதாபாத்திரம் நின்றுவிட்டது. ஆனால் பையன் உடனே இன்னொன்றைச் சொன்னான்: முன்னே போவது சட்டென்று தொடங்குகிறது, பின்னே வர அதிகம் இழுக்க வேண்டியிருக்கிறது. அவன் சொன்னது சரி. ஸ்டிக் −0.07-இல் ஓய்வெடுக்கும்போது முன்புற எல்லையைத் தொட இன்னும் 0.06 போதும், பின்புற எல்லைக்கோ 0.20 நகர வேண்டும். டெட் ஜோன் விலகலைப் பார்வையிலிருந்து மறைக்கிறதே தவிர, எடுத்துவிடுவதில்லை. இந்த ஒரு செய்தியைப் புரிந்துகொள்ளாமல்தான் பலர் எண்ணை 0.20, 0.30 என்று ஏற்றிக்கொண்டே போகிறார்கள்.

ஆகவே மையத்தைத் திருத்த முடிந்தால் அதை முதலில் செய்ய வேண்டும். நிண்டெண்டோ ஸ்விட்சில் `System Settings`-இல் `Controllers and Sensors` என்பதற்குள் `Calibrate Control Sticks` என்ற வசதி உண்டு. கணினியில், மையத்தை நகர்த்தும் வசதியுள்ள மேப்பிங் மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்தினேன். மையத்தைக் கழிக்கும்போது இருபுறத்தையும் தனித்தனியாக நீட்ட வேண்டும், இல்லையேல் ஒருபக்கம் ஸ்டிக் 1-ஐ எட்டாமல் 0.93-லேயே நின்று, கதாபாத்திரம் அந்தப் பக்கம் முழு வேகத்தில் ஓடாது. கீழே `raw` என்பது ஸ்டிக் தரும் எண், `c` மையம், `max`, `min` அதன் இரு முனை எண்கள்:

```
if raw > c:
    v = (raw - c) / (max - c)
else:
    v = (raw - c) / (c - min)
```

மையத்தை −0.07-க்கு மாற்றிய பிறகு எஞ்சியது 0.04 தளர்ச்சி மட்டுமே. அதனுடன் 0.02 சேர்த்து 0.06 என்று டெட் ஜோனை வைத்தோம். 0.13-க்கும் 0.06-க்கும் உள்ள வேறுபாட்டைக் குறிவைக்கும் விளையாட்டில் விரலே உணர்ந்துவிடும்.

இங்கே கவனிக்க வேண்டிய பொறி ஒன்று உண்டு. மேப்பிங் மென்பொருளில் ஒன்று, விளையாட்டுக்குள் ஒன்று என்று இரண்டு டெட் ஜோன்கள் அடுக்காக வேலை செய்யலாம். இரண்டும் 0.15 என்றும், இரண்டும் நீட்டும் வகை என்றும் கொண்டால், முதலாவதன் வெளியீடு 0.15-ஐ எட்டவே ஸ்டிக் 0.15 + 0.15 × 0.85, அதாவது ஏறத்தாழ 0.28 வரை நகர வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் எண்ணை வைத்து, மற்றதை பூஜ்யமாக்குங்கள். விளையாட்டில் பூஜ்யமாக்க வழியில்லை என்றால், மென்பொருளில் மையத் திருத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு டெட் ஜோனை விளையாட்டிடமே விட்டுவிடலாம்.

சுத்தம் செய்தலும் மாற்றுதலும்

எண் துள்ளும் மூன்றாம் வகைக்கு மட்டுமே சுத்தம் செய்வது பலன் தரும். கன்ட்ரோலரை அணைத்து, 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை ஸ்டிக்கின் அடியில் இரண்டு மூன்று துளி விட்டு, ஸ்டிக்கை எல்லாத் திசைகளிலும் முப்பது நாற்பது முறை சுழற்றி, முற்றிலும் உலரும்வரை இயக்காமல் வைக்க வேண்டும். சிக்கிய துகள் விலகினால் துள்ளல் அடங்கும். தேய்ந்துபோன கார்பனை எந்தத் திரவமும் திரும்பக் கொண்டுவராது என்பதால், சில வாரங்களில் துள்ளல் மறுபடி வந்தால் தடமே போய்விட்டது என்று கொள்ளலாம். வீட்டில் கீல்களுக்குப் போடும் எண்ணெய் ஸ்பிரேயை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். அது தங்கி, துகளைச் சேர்த்துப் பசையாக்கிவிடும்.

ஸ்டிக் தொகுதியை மாற்றுவது சால்டர் வேலை. வழக்கமான தொகுதியில் பதினான்கு இணைப்புகள் இருக்கும்: இரண்டு பொட்டென்ஷியோமீட்டர்களுக்கும் மும்மூன்று, அழுத்தும் பட்டனுக்கு நான்கு, உலோகச் சட்டகத்துக்கு நான்கு. சட்டகத்தின் கால்கள் வெப்பத்தைப் பெரிதும் இழுத்துக்கொள்வதால், பழையதை நெம்பி எடுத்தால் போர்டின் செப்புத் தடம் பிய்ந்துவிடும்; எல்லாத் துளைகளிலும் சால்டர் முழுவதும் உறிஞ்சப்பட்டு, தொகுதி தானாக ஆடும் நிலை வந்த பிறகே எடுக்க வேண்டும். மாற்றுவதென்று முடிவெடுத்தால், காந்தப்புலத்தைக் கொண்டு நிலையை அறியும் ஹால் வகைத் தொகுதி உங்கள் கன்ட்ரோலருக்குக் கிடைக்கிறதா என்று பாருங்கள். 1998-இல் வந்த சேகா ட்ரீம்காஸ்ட்டின் கன்ட்ரோலரிலேயே இந்த முறை இருந்தது. உரசும் தடம் இல்லாததால் மைய விலகலும் துள்ளலும் தேய்மானத்தால் வருவதில்லை. ஸ்பிரிங் அதிலும் தளரும், ஆகவே டெட் ஜோனை அதிலும் பூஜ்யமாக்க முடியாது.

எங்கள் கன்ட்ரோலர் 0.06 என்ற அமைப்பில் எட்டு மாதம் ஓடியது. பிறகு அதே நான்கு திசைச் சோதனையில் தளர்ச்சி 0.04-லிருந்து 0.09 ஆகியிருந்ததால் தொகுதியை மாற்றினேன். மாற்றிய உடனே எடுத்த அளவு +0.085, ஒரு கணம் புதிய தொகுதியே பழுதோ என்று தோன்றியது. ஆனால் நான்கு திசைகளிலிருந்து விட்டும் அதே +0.085-தான் வந்தது, ஏனெனில் பழைய தொகுதிக்கென்று வைத்த −0.07 மையம் என் மேப்பிங் மென்பொருளில் இன்னும் இருந்ததோடு, கன்ட்ரோலரின் நினைவில் ஆலையிலேயே பதிக்கப்பட்டிருந்த மைய அளவும் புதிய தொகுதிக்குப் பொருந்தவில்லை. பழைய திருத்தத்தை நீக்கி, மறுபடி அளந்து, புதிய மையத்தைக் கொடுத்ததும், எத்திசையிலிருந்து விட்டாலும் எண் 0.01-க்குள் நின்றது, இப்போது டெட் ஜோன் 0.03.